நாத்தனார் கொடுத்த தீவன மூட்டை

பன்றி வளர்க்கும் அந்த அம்மாளுக்கு உறவுக்குள் 'மோப்பக்காரி' என்று பெயர். நீட்டிய தேநீரைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பாள். கணவன்மேல் மட்டும் சந்தேகம் இல்லை. தப்புச் செய்யும் சாமர்த்தியம் அவருக்குப் போதாது என்பது அவள் கணிப்பு.

வெளியாளிடம் வாங்கினால் ஏமாறலாம், சொந்தத்தில் வாங்கினால் நிச்சயம் ஏமாறலாம் என்பாள். இருந்தும் பால்மறந்த குட்டிகள் வாங்க நாத்தனாரின் பண்ணைக்குத்தான் போனாள். சந்தைக் குட்டி நாலு இடத்து நோயைச் சுமந்து வரும். வீட்டிலோ இரண்டு சினைப் பன்றிகள் நிறைமாதம். நோய் நுழைந்தால் எல்லாம் போச்சு.

குட்டிகள் குளித்துப் பளபளவென்று நின்றன. அதுதான் உறுத்தியது. கழுவிய பின்புறத்தில் கழிச்சல் கறை எப்படித் தெரியும்? உலரும்வரை உட்கார்ந்திருந்தாள். தாயைக் காட்டச் சொன்னாள். குட்டிகளை விரட்டி ஓடவிட்டு இருமலுக்கும் நொண்டலுக்கும் காத்திருந்தாள். கண்ணில் பீளை, தொப்புளில் புடைப்பு, காயடித்த புண் எல்லாம் பார்த்தாள். புடைப்புள்ள ஒன்றை ஒதுக்கினாள். போட்ட தடுப்பூசிகளை இரண்டு முறை கேட்டாள், பதில் மாறுகிறதா என்று.

"எங்கண்ணனைக் கட்டிக்கும்போது இவ்வளவு பாக்கலியே, அண்ணி."

"பாத்திருந்தா இன்னிக்கு இங்க நிப்பேனா?"

கிளம்பும்போது நாத்தனார் ஒரு தீவன மூட்டையை வண்டியில் ஏற்றினாள். ஒரு வாரம் இதையே கொடுங்கள், பிறகு உங்களுடையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கலாம் என்றாள். கேட்காமல் கொடுத்தது மோப்பக்காரிக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் மற்றதெல்லாம் முறைப்படி நடந்தது. தோட்டத்துக் கோடியில் தனிக்கொட்டகை, காற்று வீசாத மூலையில் உலர்ந்த வைக்கோல், இறங்கியதும் தண்ணீர். அங்கே மட்டும் போட ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு வாளி. பெரிய பன்றிகளின் வேலை முடிந்த பிறகே குட்டிகளிடம் போவாள். மூட்டையை மட்டும் கட்டுப் பிரிக்காமல் மூலையில் தள்ளிவிட்டு, தன் சத்தான தீவனத்தைத் தொட்டி நிறையக் கொட்டினாள்.

சில நாளில் குட்டிகளுக்கு எல்லாம் கழிச்சல். வைக்கோல் நாறியது. நாத்தனாரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, சினைப் பன்றிகளுக்கும் தொற்றுமோ என்று கால்நடை மருத்துவரை அழைத்தாள்.

அவர் காய்ச்சல் பார்த்தார். இல்லை. என்ன தீவனம் போட்டீர்கள் என்று கேட்டார், சொன்னாள். தாயை விட்டுப் பிரிந்த குடலுக்குப் பழகிய தீவனமே பாரம், இதில் புதியதை வயிறு முட்டக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்றார். எதற்கும் சாணத்தைச் சோதனைக்கு எடுத்துப் போனார்.

அவர் போனதும் மூட்டையைப் பிரித்து முகர்ந்தாள். குற்றம் கண்டுபிடிக்க முடியாதது கொஞ்சம் ஏமாற்றம்தான். தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கரைத்து வைத்து, அந்த மூட்டைத் தீவனத்தையே கைப்பிடி அளவாகப் பல வேளையாகப் போட்டாள். சாணம் கெட்டிப்பட்டது. சோதனையிலும் கிருமி இல்லை. ஆனாலும் குட்டிகளைப் பெரிய பன்றிகளோடு சேர்க்கவில்லை, தனிமைக் கெடு முடியட்டும் என்றாள். மருத்துவர் நல்லவர், ஆனால் அவரை யார் சோதித்தது?

நாத்தனாரைத் தொலைபேசியில் கூப்பிட்டு இன்னொரு மூட்டை கேட்டாள்.

"என் மேல நம்பிக்கை வந்துடுச்சா, அண்ணி?"

"இந்த மூட்டை மேல வந்திருக்கு" என்றாள் மோப்பக்காரி.