எட்டுப் பேருக்கு அம்மாயி, எனக்கு அப்பாயி

அடுப்புத் தகரத்தில் கோதுமை மா ரொட்டி தீயும் வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்கு முதலில் பசி வராது, கோபம்தான் வரும். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீடுகளில், அடுத்தடுத்த இரண்டு ‘காம்பரா’ அறைகளில், என் அப்பாவின் அம்மா பேச்சாயி ஒன்பது பேரப்பிள்ளைகளை வளர்த்தாள். எட்டுப் பேர் என் மூன்று அத்தைமாரின் பிள்ளைகள். அத்தைமார் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுவேலைக்குப் போயிருந்தார்கள். ஒன்பதாவது ஆள் நான். என் அம்மா மட்டும் அங்கேயே இருந்து, மலையில் கொழுந்து பறித்தாள். அவர்களுக்கு அவள் ‘அம்மாயி’. எனக்கு மட்டும் ‘அப்பாயி’. ஒரே வீட்டில் எட்டு வாய் ஒரு சொல்லைச் சொல்ல, நான் தனியாக வேறொன்றைச் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்ததே எனக்குப் பெரிய குறையாக இருந்தது.

ரொட்டியின் மெத்தென்ற நடுப்பகுதி அவர்களுக்குப் போகும், விளிம்பு எனக்கு வரும். காய்ச்சல் கண்ட பிள்ளைக்குத்தான் அவளுடைய பாயில் இடம் என்பது சட்டம். எனக்குக் காய்ச்சல் வந்தாலோ அம்மாவிடம் அனுப்பிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துக் காம்பராவின் தொலைபேசிக்கு அத்தைமார் பேசுவார்கள். அப்பாயி எட்டுப் பேருக்கும் தலைவாரி, முகம் துடைத்து, போன வாரம் கடைசியில் பேசிய பிள்ளை இந்த வாரம் முதலில் பேச வேண்டும் என்று நினைவு வைத்து வரிசையில் நிறுத்துவாள். எதிர்முனையில் இருப்பவர்களுக்கு முகம் தெரியாது என்று தெரிந்தும் பவுடர் பூசிவிடுவாள். நான் வாசற்படியில் நின்று பார்ப்பேன். முறைத்தால் ஒரே பதில்தான் வரும்: “ஒனக்குத்தான் அம்மா இருக்காள்ல.”

எல்லாவற்றையும்விட என்னை எரித்தது பின்னேரங்கள். தினமும் ஒரே நேரத்தில், கையில் கிடைத்த குடத்தையும் வாளியையும் எட்டுப் பேருக்கும் கொடுத்து, மலைச்சரிவில் தண்ணீர் கொட்டும் ‘பீலி’க்குக் கூட்டிப்போவாள். சிரித்துக்கொண்டு, நனைந்துகொண்டு, இருட்டுவதற்குச் சற்று முன்னால்தான் திரும்புவார்கள். நான் அழுது பின்னால் ஓடினால், “நீ வீட்டப் பாத்துக்க” என்று திருப்பி அனுப்புவாள்.

போன வருடம் அவள் பதுளை ஆஸ்பத்திரியில் இறந்து உடல் லயத்துக்கு வந்தபோது, அப்பா என்னிடம் வந்தார். “நீதான் டீச்சரு. தூக்குறதுக்கு முன்னாடி நாலு வார்த்த பேசிரு. மழ வரும் போல, அதிகமா நீட்டாத. ஆனா ஒரு பிள்ள பேரும் விட்டுப்போயிரக் கூடாது.”

அடுப்படியில் உட்கார்ந்து கொப்பித்தாளில் எழுதினேன். பிறந்த வருடம் யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை, விட்டுவிட்டேன். எத்தனை வருடம் கொழுந்து பறித்தாள், யார் யாரைப் படிக்கவைத்தாள், மூத்தவரிலிருந்து ஒன்பது பெயர்கள் என எல்லாம் ஒழுங்காக வந்தன. ஆனால் அதில் அவள் இல்லை. பெரியத்தை மகள் விஜி வாங்கிப் படித்தாள். கடைசி மூன்று வருடமும் அப்பாயியைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டியவள் அவள்தான். அதற்கும் எனக்குப் பொறாமை.

“பீலிக்குப் போனத எழுதலியாடி?”

“எனக்கு எப்புடித் தெரியும்? என்னயத்தான் ஒருநாளும் கூட்டிட்டுப் போகலியே.”

விஜி என்னை விநோதமாகப் பார்த்தாள். “ஒங்கம்மா மலையில இருந்து எறங்குற நேரம்டி அது. கூடைய எறக்கி வச்சிட்டு, இடுப்புல கட்டுன படங்குச் சாக்கக்கூட அவுக்காம ஒன்னயத் தூக்கும். அத நாங்க பாக்கக் கூடாதுன்னுதான் அம்மாயி ஓட்டிக்கிட்டுப் போகும். ஒருநா நான் பாத்துட்டேன். ரெண்டு நாளு சோறு எறங்கல எனக்கு. அதுக்கப்பறந்தான் தெனமும் பீலிக்குப் போனோம்.”

தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் வேறு எழுதினேன்.

தப்பு மேளச் சத்தத்தை நிறுத்தச் சொல்லி, மைக்கைக் கையில் தந்தார்கள். பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு பீலிக்கதையைச் சொன்னேன். அழும் பிள்ளையைத் தேற்றுவதற்கு முன்பே, பிள்ளை அழாதபடி பார்த்துக்கொண்ட கிழவி இவள் என்றேன். எட்டுப் பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கதறினார்கள். நான் மைக்கைப் பிடித்தபடி தள்ளி நின்றேன். அவள் செய்ததன் காரணம் விளங்கிவிட்டது. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் எனக்கு இடமில்லை என்ற எரிச்சல், அது விளங்கியதால் மட்டும் குறைந்துவிடவில்லை.

இப்போது லயத்தில் வாசலுக்கு வாசல் குழாய் வந்துவிட்டது. பீலிக்குப் போகும் பாதையைப் புல் மூடிவிட்டது. எட்டுப் பேரில் ஐந்து பேர் வெளிநாட்டில். விஜியும் மொனராகலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். அம்மா பதுளையில் என்னோடு இருக்கிறாள். போன வாரம் துணி மடித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று, “அந்த எட்டுல ஒண்ணயாச்சும் நான் ஒருநா தூக்கியிருக்கலாம். வேல முடிஞ்சு வர்ற களைப்புல தோணவே இல்ல” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள்.

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் மடித்த துணிகளை எடுத்து அலுமாரியில் வைத்தேன். அவள் தூக்காமல் இருந்ததில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.