இரண்டாவது பி.எஃப். வரி

சின்னவள் சம்பளம் போடுகிறவள். ஆஸ்பத்திரிகளுக்கும் ஆபீஸ்களுக்கும் துப்புரவு ஆட்களையும் காவலாளிகளையும் அனுப்புகிற ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் பல வருஷமாக அதே நாற்காலி, அதே மின்விசிறி, அதே முதுகுவலி. உறவில் யாருக்கு முதல் வேலை கிடைத்தாலும் முதல் பே ஸ்லிப்பின் போட்டோ அவளுக்குத்தான் வரும். கல்யாணத்துக்குக் கூப்பிட மறந்தவர்கள்கூட இதை அனுப்ப மறப்பதில்லை. 'சொன்னது ஒண்ணு, கையில வந்தது ஒண்ணு, பாத்துச் சொல்லு' என்று கீழே ஒரு வரி இருக்கும். அவளும் முகம் சுளிக்காமல் விளக்குவாள். ஊருக்கெல்லாம் வக்கீல், சொந்த வீட்டில் வாயில்லாப் பூச்சி என்று அவள் கணவன் கிண்டல் செய்வான். அவன் முதுகு பிசகி வண்டி ஓட்டுவதை விட்டதிலிருந்து வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. கிண்டல் மட்டும் நிற்கவில்லை.

இந்த முறை போட்டோ அனுப்பியது அவளுடைய அக்கா. பெரியவளுக்கு நாற்பத்தாறு வயதில் முதல் வேலை. புருஷன் போனபிறகு கொழுந்தன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தவள். அந்த வீட்டில் ஓரகத்தி அதட்டிப் பேசமாட்டாள். பாலை மட்டும் அளந்து அளந்து ஊற்றுவாள். அது போதாதா ஒரு மனுஷிக்கு? ஒருநாள் பெரியவள் வந்து, "எனக்கு ஏதாவது வேலை வாங்கிக் கொடுடி, தரை தொடைக்கிறதா இருந்தாலும் சரி" என்றாள். சின்னவள் தன் மேனேஜரிடம் கெஞ்சி, கம்பெனி ஆள் அனுப்புகிற ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு சுத்தம் செய்யும் வேலையில் சேர்த்துவிட்டாள்.

முதல் போட்டோவில் பாதி சீட்டுதான் இருந்தது, மீதி பெரியவளின் கட்டைவிரல். இரண்டாவதில் பிளாஷ் அடித்து நடுவில் ஒரு வெள்ளை வட்டம். சின்னவள் போன் செய்தாள்.

"அக்கா, வலது பக்கம்தான் முக்கியம். பிடித்தம் எல்லாம் அங்கதான் இருக்கும். ஜன்னல் பக்கம் போய் எடு. விரலை எடுத்துட்டு எடு."

"விரலை எடுத்துட்டா போனை எதால பிடிக்கிறது?"

மூன்றாவது தெளிவாக வந்தது. சாப்பாட்டு வேளை. சின்னவள் டப்பாவை மூடி வைத்துவிட்டு, விரலால் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே பேசினாள்.

"இடது பக்கம் உன் வரவு. அடிப்படைச் சம்பளம் பதிமூணாயிரம், படி ரெண்டாயிரம். மொத்தம் பதினஞ்சாயிரம்."

"கையில பதினோராயிரத்துச் சொச்சம்தானேடி வந்துச்சு?"

"அதுக்குத்தான் வர்றேன். வலது பக்கம் முதல் வரி பி.எஃப். அடிப்படையில நூத்துக்குப் பன்னெண்டு. ஆயிரத்து ஐநூத்தி அறுபது. இது எங்கயும் போகல, உன் பேர்ல கணக்கு திறந்து சேக்குறாங்க. வட்டியும் உண்டு. உன் பங்குக்குச் சமமா கம்பெனியும் அது கையிலிருந்து போடணும். அதுல ஒரு பகுதி பென்ஷனுக்குப் போகும்."

"நான் போட்டா அவனும் போடுவானா? நல்லாயிருக்கே."

"அடுத்து இன்ஷூரன்ஸ், நூத்திப் பதிமூணு. உடம்புக்கு முடியலைன்னா அந்த அட்டையைக் காட்டி வைத்தியம் பாக்கலாம். அடுத்து தொழில் வரி, நூத்திப் பத்து. அது வேலை பாக்குறதுக்கான வரி. கடைசில வருமான வரின்னு இருக்கு, பக்கத்துல சைபர்."

"சைபர் போடுறதுக்கு எதுக்கு ஒரு வரி?"

"எல்லாருக்கும் ஒரே அச்சு. உன் வருஷச் சம்பளத்தைக் கூட்டிப் பாப்பாங்க. வரம்புக்குக் கீழ இருந்தா பிடிக்கமாட்டாங்க. உனக்குக் கீழதான் இருக்கு."

"அந்த அளவுக்கு நான் இன்னும் பெரிய ஆளாகல" என்று பெரியவள் சிரித்தாள்.

சின்னவளால் சிரிக்க முடியவில்லை. பி.எஃப். வரிக்கு அடியிலேயே இன்னொரு வரி இருந்தது. 'பி.எஃப். 2'. அதற்கும் அதே ஆயிரத்து ஐநூற்று அறுபது.

பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. கம்பெனி தன் கையிலிருந்து போட வேண்டிய பங்கு அது. அதைத் தொழிலாளியின் சம்பளத்திலேயே பிடித்து, கம்பெனி கொடுத்த பங்காகக் காட்டிக் கட்டுகிறார்கள். கணக்கைத் திறந்து பார்த்தால் இரண்டு பங்கும் ஒழுங்காக ஏறியிருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. சட்டம் இதை ஒப்புக்கொள்ளாது. வேலையில் புதிதாகச் சேர்ந்த கிளார்க்குக்கும் இது தெரியும்.

"இன்னொரு பி.எஃப். இருக்கேடி. அது என்ன?"

"கேட்டுச் சொல்றேன்கா" என்று வைத்துவிட்டாள்.

காவலாளிகளின் சம்பளம் அவள் போடுவது. ஆஸ்பத்திரி சம்பளம் பக்கத்து மேஜைக்காரர் போடுவது. அவரிடம் போய்க் கேட்டாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த டெண்டரைக் குறைச்சுப் போட்டு எடுத்தாங்கம்மா. எங்கயாவது கை வைக்கணும்ல? மேல இருந்து வந்தது. நான் அச்சடிக்கிறதோட சரி."

"இது தப்பு சார்."

"தப்புதான். போய்ச் சொல்லு. நாளைக்கு இந்த நாற்காலியில வேற ஒருத்தி இருப்பா."

சாயங்காலம் மேனேஜர் அவள் மேஜை ஓரம் நின்றார். "உங்க அக்கா நல்லா வேலை பாக்குறாங்களாமே, சந்தோஷம்" என்றார். சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். பக்கத்து மேஜைக்காரர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் போட்டுக்கொடுத்திருக்க வேண்டும்.

பஸ்ஸில் சின்னவள் தனக்குத்தானே வாதாடிக்கொண்டு வந்தாள். அக்காவுக்கு மூக்கு நுனியில் கோபம். உண்மையைச் சொன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்று கத்துவாள். அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். மறுபடி கொழுந்தன் வீடு, மறுபடி அளந்து ஊற்றும் பால். இருக்கிற வேலையாவது நிலைக்கட்டும், எல்லாம் அவள் நல்லதுக்குத்தான்.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் போன் வந்துவிட்டது.

"அந்த ரெண்டாவது வரி என்னடி? ஒரு ரூமு பாத்து வெச்சிருக்கேன். சின்னதுதான், தண்ணி வருது. பன்னெண்டாயிரத்துக்கு மேல கையில வந்தா நாளைக்கே அட்வான்ஸ் கொடுத்துடுவேன். வீட்டுக்காரம்மா பதில் கேக்குறாங்க. அந்த ஆயிரத்து ஐநூறு தப்பாப் பிடிச்சிருந்தா திருப்பிக் கேக்கலாம்ல?"

சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அது முதலாளி பங்குன்னு சொல்வாங்கக்கா. அதுவும் உன் பேர்லதான் சேருது."

"அப்போ சரியாத்தான் பிடிச்சிருக்காங்களா?"

"சரிதான்."

அந்த ஒரு வார்த்தைதான் பொய். மற்றதெல்லாம் நிஜம். அவள் தொழிலே அப்படித்தான். சீட்டின் ஒரு கட்டத்தில் தப்பாகப் போட்டால் போதும், மற்றக் கட்டங்கள் எவ்வளவு சரியாக இருந்து என்ன பிரயோஜனம்?

பெரியவள், "சரி, ரூமு வேண்டாம்னு சொல்லிடறேன். சேருதுன்னா சேரட்டும்" என்றாள். குரலில் வருத்தம்கூட இல்லை, அதுதான் சின்னவளை அறுத்தது. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. கணவன் ஏன் என்று கேட்டதற்குத் தலைவலி என்று ஒரு சாக்கு சொன்னாள்.

அடுத்த மாதச் சம்பளம் வந்த பிறகு, விடுமுறை நாளில் பெரியவள் நேரிலேயே வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். முகத்தில் ஒரு தெம்பு. அடுப்படியில் பலகையைப் போட்டு உட்கார்ந்தவள் நிறுத்தாமல் பேசினாள்.

"எங்க வார்டுல கண்ணாடிக்காரம்மான்னு ஒருத்தி இருக்காடி. எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிப்பா. இந்த ரெண்டாவது பி.எஃப். திருட்டுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தா. பி.எஃப். ஆபீசுக்கு மனு எழுதி, கையெழுத்துக்கூட வாங்க ஆரம்பிச்சுட்டா. பாதிப் பேரு போட்டாச்சு."

சின்னவள் கேஸை அணைத்தாள்.

"நான்தான் நிறுத்தினேன். என் தங்கச்சி வருஷக்கணக்கா சம்பளம் போடுறவ, அவளே பாத்துட்டு சரின்னு சொல்லிட்டா, நீ யாருடி குழப்புறதுக்குன்னு கேட்டேன். எல்லாரும் அமைதியாயிட்டாங்க. கையெழுத்துப் போட்டவங்களே பேப்பரை வாங்கிக் கிழிச்சுட்டாங்க."

"அந்தம்மா?"

"அவளை சூப்பர்வைசர் வேற இடத்துக்கு மாத்திட்டான். ரொம்ப தூரம். ரெண்டு பஸ் மாறிப் போகணுமாம். வாய் இருந்தா இப்படித்தான்." பெரியவள் பையிலிருந்து கசங்கிய சீட்டுகளை எடுத்து வைத்தாள். "இவங்கல்லாம் உன்கிட்ட கொடுத்துப் பாக்கச் சொன்னாங்க. நீ சொன்னா போதுமாம்."

சின்னவள் சீட்டுகளைத் தொடவில்லை. ஒவ்வொன்றிலும் அந்த வரி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தான் வாயைத் திறந்து சொன்ன ஒரு வார்த்தை இத்தனை பேரின் வாயை அடைத்திருக்கிறதே என்று அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பு வந்தது.

"அக்கா, அந்தம்மா சொன்னதுதான் சரி."

"எது?"

"ரெண்டாவது வரி கம்பெனி கொடுக்க வேண்டியது. உங்க சம்பளத்துல பிடிக்கவே கூடாது. எனக்கு அன்னிக்கே தெரியும்."

பெரியவள் கத்துவாள் என்று காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை. பெரியவள் சீட்டுகளை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தாள். கடைசிச் சீட்டையும் வைத்துவிட்டு, "அப்போ அந்த ரூமு?" என்று கேட்டாள்.

சின்னவள் அணைத்த அடுப்பையே துடைக்க ஆரம்பித்தாள்.

"வேற ஆள் வந்துட்டாங்க. போன வாரம் அந்தப் பக்கம் போனப்போ பாத்தேன், துணி காயுது." பெரியவள் எழுந்து முந்தானையை உதறினாள். "நாளைக்கு மத்தியானம் ஷிஃப்ட் மாறும்போது எல்லாரும் துணி மாத்துற ரூமுல இருப்பாங்க. நீயே வந்து சொல்லு. நான் சொன்னா இனிமே எவளும் காது கொடுக்கமாட்டா."

"வேலை போயிடும்கா."

"யாருக்கு? எனக்கா, உனக்கா?"

பஸ்ஸில் வாதாடியதெல்லாம் சின்னவளுக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. அக்காவின் கோபம், அக்காவின் வேலை, அக்காவின் நல்லது.

"எனக்கு" என்றாள்.

பெரியவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். டீ குடிக்கவில்லை. மறுநாள் சின்னவள் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தாள். எதற்கு என்று மேனேஜர் கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், அங்கே பே ஸ்லிப்பை விளக்கிச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாள்.