வயலின் படத்தில் இல்லாத கீறல்

அந்தக் காலத்துப் பாண்டிச்சேரியில் ஒரு கல்யாணப் பெண் முகப்பரு இல்லாமல் படத்தில் சிரித்தாலோ, ஒரு பென்ஷன்காரர் கழுத்துச் சுருக்கம் இல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாலோ, அந்த அழகு கடவுள் கொடுத்தது என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் அது அமிர்தவல்லி கொடுத்தது. கடவுள் அவசரத்தில் விட்டதை அவள் பொறுமையாகச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

தவளக்குப்பத்தில் நாற்று நட்ட கை அது. ஸ்டூடியோ தணிகாசலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு பென்சில் பிடித்தது. முன்னறையில் தணிகாசலம் ஆட்களை உட்கார வைத்துப் படம் பிடிப்பார். பின்னறையில், திரைக்கு அந்தப்பக்கம், சன்னல் வெளிச்சம் கீழேயிருந்து கண்ணாடியில் பட்டு மேலே வரும்படி சாய்த்து வைத்த ஒரு மேசை. அதில் நெகட்டிவ் பதிந்த கண்ணாடி பிளேட்டை வைத்து அமிர்தவல்லி குனிந்தால், சோறு தண்ணி நினைப்பு இருக்காது.

நெகட்டிவில் எல்லாமே மாறித் தெரியும். கறுப்பு வெளுப்பாக இருக்கும், வெளுப்பு கறுப்பாக இருக்கும். முகச் சுருக்கத்தின் நிழல் அங்கே வெளிச்சம் கசிகிற ஒரு மெல்லிய கோடு. பிளேட்டின் மேல் பென்சில் பிடிக்க ஒரு வார்னிஷைப் பூசிக்கொண்டு, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் அந்தக் கோட்டைப் புள்ளி புள்ளியாக நிரப்பினால் போதும். படத்தில் சுருக்கம் போய்விடும். இந்த வித்தையில் அவளை அடிக்க ஊரில் ஆள் கிடையாது. அவளுக்கும் அது தெரியும். கொஞ்சம் கர்வம்கூட உண்டு, ஏன் இருக்கக் கூடாது?

ஒரு விசித்திரம், அவள் அழகாக்கிய ஆட்களில் பாதிப் பேரை அவள் நேரில் பார்த்ததே இல்லை. திரைக்கு அப்பால் குரல்தான் கேட்கும். முகம் பிளேட்டில்தான் வரும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் அந்த மேசைக்கு ஒரு வயலின் வந்தது. வயலின் என்றால் வயலின் இல்லை, அதன் நெகட்டிவ்.

சொந்தக்காரர் ஜான்-பத்திஸ்த். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்து பேண்டில் வாசித்து ஓய்வு பெற்றவர். மனைவி சூசான் காலமாகி ஐந்தாறு வருஷம் ஆகிறது. விரல்கள் மடங்க மறுத்ததும், சும்மா பெட்டியில் கிடப்பதைவிட யாராவது வாசிக்கட்டும் என்று விற்க நினைத்தார். சிதம்பரத்தில் கச்சேரி செய்யும் பலராமன் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியனுப்பினார், ஆனால் முதலில் ஒரு நல்ல படம் வேண்டும் என்றார். ஜான்-பத்திஸ்துக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. எழுத வருகிற பிரெஞ்சு பலராமனுக்குப் புரியாது. அதனால் அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தப் படமே சொல்லியாக வேண்டியிருந்தது.

தணிகாசலம் அந்தப் படத்துக்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. சாதாரண பிளேட்டில் அந்தச் செம்பழுப்பு மரம் கரிக்கட்டையாகத்தான் விழும் என்று, சிவப்பையும் பிடிக்கிற பிளேட்டை மெட்ராசிலிருந்து வரவழைத்தார். வயலினைக் கறுப்பு நூலில் தொங்கவிட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் படிந்து போகும்படி சன்னலை முக்கால் பாகம் மறைத்தார். அப்போதுதான் மரத்தின் ரேகைகள் எழுந்து நிற்கும். முகவாய்க் கட்டையின் உலோகப் பிடியும், மெல்லிய தந்திக்கான சிறு திருகும் கண்ணைக் கூசாமல் இருக்க, எதிரே வெள்ளைத் துணியைப் பிடித்தார். ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக, கோடு கிழித்த மாதிரி நேராக வந்தது.

அன்றே ஜான்-பத்திஸ்த் கண்புரை ஆப்பரேஷனுக்காக ஒப்பித்தால் என்கிற பிரெஞ்சு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட்டார். கண்ணில் கட்டு. ஸ்டூடியோவே படத்தை நேராகச் சிதம்பரத்துக்கு அனுப்பிவிடட்டும் என்று ஏற்பாடு.

அமிர்தவல்லி அந்த பிளேட்டைப் பார்த்துச் சொக்கிப்போனாள். இரண்டு நாள் அதன் ரேகை ரேகையாக அலைந்தாள். தூசு விழுந்த புள்ளிகளை நிரப்பினாள். உலோகத்தில் ஒரு மினுக்கு அதிகமாகிவிட்டிருந்தது, அதைக் கத்தி முனையால் சுரண்டி அடக்கினாள். வயலின் முகத்தில் வலது பக்கத்து ஒலித் துளையின் கீழ்முனையிலிருந்து ஒரு மெல்லிய கோடு அடிப்பக்கம் நோக்கி இறங்கியது. யாரோ நகத்தால் பிளேட்டைக் கீறிவிட்டார்கள் என்று நினைத்தாள். வழக்கமாக இப்படிக் கோடு வந்தால் பிளேட்டைச் சாய்த்து, பள்ளம் இருக்கிறதா என்று பார்ப்பாள். அன்று பார்க்கவில்லை, ஏற்கெனவே வார்னிஷ் பூசியாகிவிட்டது, பள்ளம் இருந்தாலும் தெரியாது. நகக் கீறல் எப்படி இவ்வளவு ஒழுங்காக மர ரேகையோடு ரேகையாக ஓடும் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் கை ஓடிவிட்டது. கோடு போன இடம் தெரியவில்லை.

படம் போனது. பலராமன் பார்த்த உடனே சம்மதம் சொல்லியனுப்பினார். ஜான்-பத்திஸ்தின் மகள் செசில் வயலினைப் பெட்டியில் வைத்து, நம்பகமான ஒருவர் கையில் கொடுத்துவிட்டாள். எல்லாம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

ஒரு காலை வேளையில், கடை திறந்த கையோடு, முன்னறையில் சத்தம். அமிர்தவல்லி பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தாள்.

"ஐயா, உங்க வீட்டுலயே கேட்டேன், ஸ்டூடியோக்காரரக் கேளுன்னு கூட்டியாந்தீங்க. இங்க வச்சே கேக்குறேன். படத்துல இருக்கறது ஒரு வயலின், எனக்கு வந்தது வேற வயலின். இதுல வெடிப்பு இருக்கு, படத்துல இருக்கா பாருங்க!" அது பலராமன்.

"முசியே, எங்கிட்ட ஒரே ஒரு வியோலோன்தான் இருந்துச்சி." ஜான்-பத்திஸ்தின் குரல் அது. "வெடிப்பு சைகோன்லயே விழுந்தது. உள்ளாற கட்டை வச்சி ஒட்டியாச்சி. குரலுக்கு ஒண்ணும் ஆகல. அது நல்லாத் தெரியணும்னுதான் பக்கத்துலேருந்து வெளிச்சம் போடச் சொன்னேன். தணிகாசலம், சொல்லேன்பா! உங்கிட்டதான சொன்னேன்?"

நகக் கீறல் என்று நினைத்த அந்தக் கோடு அமிர்தவல்லிக்கு ஞாபகம் வந்தது.

அப்போது தணிகாசலம் சொன்னார். எந்தத் தணிகாசலம்? பதினெட்டு வருஷமாக அவள் சோறு போட்ட, கூட உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுத்த அதே மனிதர். அவர் சொன்னார்:

"எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க. நான் எடுத்தப்ப வெடிப்பு இல்ல. படம் பொய் சொல்லுமா?"

ஜான்-பத்திஸ்த் பட்டாளத்தில் முப்பது வருஷம் பேர் கெடாமல் இருந்த மனிதர். அந்த ஊரில் அவருடைய சொத்து என்றால் அந்தப் பேர் ஒன்றுதான். அதை இப்போது நடு முன்னறையில் வைத்து உரித்துக்கொண்டிருந்தார்கள்.

அமிர்தவல்லி திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். வாடிக்கைக்காரர்கள் இருக்கும்போது அவள் அப்படி வந்ததே கிடையாது. மேசை மேல் வயலின் மல்லாந்து கிடந்தது. முதல் தடவையாக அதை நேரில் பார்த்தாள். இடது துளைக்குப் பக்கத்தில் நெருங்கி ஓடும் மூன்று கறுப்பு இழைகள், நடுவில் சற்று அகன்று போகும் ரேகைகள், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அதே வயலின்தான். வலது துளையின் கீழ்முனையிலிருந்து, மர ரேகையோடு ரேகையாக, அந்தக் கோடு இறங்கியது. மரத்தில். விரலால் தொட்டாள். நகத்தில் தட்டுப்பட்டது.

"ஐயோ, தெய்வமே," என்றாள். "இத நான்தான் அழிச்சேன்."

"அமிர்தம், உள்ள போ," என்றார் தணிகாசலம்.

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்குத் தெரியும். கறுப்பு நூலு கட்டித் தொங்கவுட்டு, மூக்க ஒட்டிக்கினு பாத்தவரு நீங்க. எங்கிட்டயும் சொல்லல, இப்ப இவருகிட்டயும் இல்லன்றீங்க. எப்படிங்க மனசு வந்துச்சி?"

தணிகாசலத்துக்குக் கடையின் பேர் போய்விடும் என்ற பயம் முகத்தில் அப்பட்டமாக எழுதியிருந்தது. அந்த முகத்தை எந்தப் பென்சிலாலும் சரிசெய்ய முடியாது என்று அவளுக்குப் பட்டது.

பலராமன் நம்பவில்லை. "புருஷன் ஒண்ணு, பொண்டாட்டி ஒண்ணு சொன்னா நான் எத எடுத்துக்கறது? அழிச்சத எப்படிக் காட்டுவீங்க?"

"வாங்க," என்றாள்.

வயலின் பிளேட்டை எடுத்தாள். பஞ்சை டர்பன்டைனில் நனைத்து, பளபளப்பான கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்துவிட்டு, பென்சில் ஓடிய பக்கத்தை மெல்லத் துடைத்தாள். வார்னிஷ் கரைந்தது, கூடவே இரண்டு நாள் உழைப்பும் கறுப்பாகப் பஞ்சில் ஏறியது. பிளேட்டை உலரவிட்டு எல்லாரையும் இருட்டறைக்குள் கூட்டிப்போனாள். நாலு பேருக்கு இடம் போதாத அறை. தாளை பிளேட்டோடு சேர்த்து வெளிச்சம் காட்டி, மருந்துத் தட்டில் நழுவவிட்டாள்.

சிவப்பு விளக்கில் முதலில் சுருள் தலை வந்தது. அப்புறம் தந்திகள். அப்புறம் மரம், ரேகை ரேகையாக. கடைசியில் வலது துளையின் கீழே, யாரோ அப்போதுதான் உடைத்த மாதிரி, அந்த வெடிப்பு எழுந்து வந்தது. பலராமன் மூச்சை இழுத்துக்கொண்டார்.

பிறகு பலராமன் இருட்டில் தடவி, ஜான்-பத்திஸ்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, மன்னிச்சிருங்க. இந்த வயலினோட குரல்ல எனக்குக் குறையே இல்ல. ஏமாத்திட்டாங்கன்ற ஆத்திரத்துலதான் ஓடியாந்தேன். இது எங்கிட்டயே இருக்கட்டும்."

ஜான்-பத்திஸ்த் தலையசைத்தார். ஆனால் அவர் பார்வை தட்டைவிட்டு அகலவில்லை. புதுக் கண்ணாடிக்குள் கண்கள் பெரிதாகத் தெரிந்தன.

"மதாம்," என்றார் மெதுவாக. "எங்க சூசானையும் இங்கதான் படம் புடிச்சது. அதுவும் நீங்கதான் பண்ணீங்களா?"

"ஆமாங்க. முகம் எல்லாமே நான்தான்."

"அவ நெத்தியில ஒரு தழும்பு. சின்ன வயசுல கிணத்தடியில வழுந்தது. கோவம் வந்தா அது செவந்துபோகும். படத்துல அது இல்ல. அவ போனப்புறம் தெனம் பாக்குறேன், இல்ல. கண்ணு மங்கிப்போச்சுன்னு நெனச்சேன். ஆப்பரேஷன் முடிஞ்சி கட்டப் பிரிச்சதும் மொதல்ல அந்தப் படத்தத்தான் எடுத்தேன். அப்பவும் இல்ல. எனக்குத்தான் ஞாபகம் பிசகிப்போச்சு, அவ மொகமே மறந்துபோச்சுன்னு..."

அமிர்தவல்லி தட்டில் கிடந்த வெடிப்பைப் பார்த்தாள். எத்தனை முகங்கள்! எத்தனை வருஷம்! அவள் தானம் செய்வதாக நினைத்துக்கொண்டு எத்தனை வீட்டுக்குள் புகுந்து திருடியிருக்கிறாள்!

இருட்டறைக் கதவு கிரீச்சிட்டது. தணிகாசலம் வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். பரணில் மரப்பெட்டிகள் உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில், ஓரம் தூசு படிந்த ஒரு பிளேட் இருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் அதை மனைவியிடம் நீட்டினார்.

அவள் பஞ்சை எடுத்தாள். நழுவாமல் இருக்கத் தணிகாசலம் பிளேட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். துடைத்தாள், உலர்ந்ததும் தாளை வைத்தாள், தட்டில் விட்டாள்.

கொண்டை வந்தது. கழுத்துச் சங்கிலி வந்தது. சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற உதடு வந்தது. கடைசியாக இடது புருவத்துக்கு மேலே, ஒரு கோணல் கோடு கறுத்தது.

ஜான்-பத்திஸ்த் மருந்து என்றும் பாராமல் தட்டுக்குள் விரலை விட்டு, அந்த இடத்தைத் தொட்டார்.

"வந்துட்டா," என்றார்.