ஒன்றும் கேட்கமாட்டேன் என்று அனுப்பினேன்

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கஷ்டம் என்றால் விசாரிக்கப் போயே ஆகவேண்டும். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய், உட்கார்ந்து, குடைந்து குடைந்து கேட்கவேண்டும். போகாதவள் மனுஷியே இல்லை.

திருவிடைமருதூரில் வாழ்க்கைப்பட்ட என் சிநேகிதி விவாகரத்துக்கு மனுப் போட்டபோது ஊரே விசாரித்தது. நான் போகவில்லை. குத்தாலத்தில் என் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் எழுதி எழுதி அழித்தேன். "என்னடி ஆச்சு?" அழித்தேன். "எல்லாம் சரியாயிடும்." பச்சைப் பொய், அதையும் அழித்தேன்.

இருவரும் சேர்ந்து போட்ட மனு. ஆறு மாதம் கழித்து நேரில் வந்து, இன்னும் சம்மதம்தான் என்று ஜட்ஜிடம் இருவரும் சொல்லவேண்டும். ஒருவர் மனசு மாறினாலும் போச்சு. அவள் அண்ணன் மாப்பிள்ளை வீட்டு நிலத்தைத்தான் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார். தங்கை பிரிந்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று அவளைப் போட்டு அரித்தெடுத்தார். அவளோடு கோர்ட்டுக்கு வர ஒரு நாதி இல்லை.

கடைசியில் இப்படி அனுப்பினேன்: "வாய்தா அன்னிக்கு நானும் வரேன். ஒண்ணும் கேக்கமாட்டேன். பேசணும்னா பேசு, இல்லேன்னா சும்மா உக்காந்திருப்போம். வேண்டாம்னா சொல்லிடு, கோச்சுக்கமாட்டேன். பதில் போடலேன்னாலும் பரவால்ல."

நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. தப்பாக எழுதிவிட்டேனோ? ஆனாலும் மறுபடி நச்சரிக்கவில்லை. வாய்தா அன்று காலையில்தான் வந்தது: "கோர்ட் வாசல்ல நில்லுடி."

கும்பகோணம் கோர்ட்டில் மாப்பிள்ளை தரப்பு வேன் பிடித்து வந்திருந்தது. அவள் அண்ணனும் அவர்களோடுதான் நின்றார். நாங்கள் இரண்டு பேர் ஒரு பெஞ்சில். மாப்பிள்ளையின் அத்தை நேரே என்னிடம் வந்தார்.

"நீ யாரும்மா? இவங்களுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"ஒண்ணுமே தெரியாதுங்க."

"தெரியாம எதுக்கு வந்து குந்தியிருக்க?"

"தெரிஞ்சாதான் பக்கத்துல உக்காரணுமாங்க?"

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

பெயர் கூப்பிட்டார்கள். கணவர் சம்மதம் என்றார். ஜட்ஜ் அவளைப் பார்த்து, "யாராவது கட்டாயப்படுத்துறாங்களாம்மா?" என்று கேட்டார். அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

"ஆமாங்கய்யா. சேர்ந்து வாழச் சொல்லித்தான் கட்டாயப்படுத்துறாங்க. பிரியறது என் சொந்த முடிவு."

விவாகரத்து கிடைத்து வெளியே வந்ததும் அண்ணன் வழிமறித்தார். "இனிமே உனக்கு யாரு இருக்கா?"

அவள் என் கையைப் பிடித்து, "பசிக்குதுடி, வா" என்று இழுத்துக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தாள்.

அவள் ஏன் பிரிந்தாள் என்று இன்னும் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன். ஒரு ஆளும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.