கன்னியம்மாவின் மீனில் விழுந்த பச்சைக் கோடு

கன்னியம்மா வாயைத் திறந்தால் கீழ்க்கட்டளையில் நாலு தெரு கதவைத் திறக்கும். அந்தக் குரலே போதும் மீன் விற்க. ஆனாலும் காலத்துக்கேற்றபடி ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தாள். விடிந்ததும் கோவளம் கரையில் மீனைப் படமெடுத்துப் போடுவாள்; தெருவுக்கு வந்து சேர்வதற்குள் பாதிக்கூடை மீனை வாடிக்கைப் பெண்கள் சொல்லி வைத்திருப்பார்கள். படமெடுத்த போனை இடுப்புச் சேலையில் சொருகி, அதன்மேலேயே கூடையை அணைத்துக்கொண்டு நடப்பாள். வினை அங்கேதான் இருந்தது.

ஒரு நாள் திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. கட்டைவிரலால் அழுத்தினாள்; மறைந்தது. விரலை எடுத்தாள், வந்துவிட்டது. சும்மா விடுகிற ஆளா அவள்? பார்க்கும்போதெல்லாம் அழுத்தினாள். பக்கத்தில் இன்னொரு பச்சை, அப்புறம் ஒரு ரோஸ். அன்று படத்தைப் போட்ட பிறகுதான் கவனித்தாள்: வஞ்சிரத்தின் வயிற்றில் பட்டை பட்டையாகக் கோடு!

"கெட்டுப்போன மீனுன்னு நெனச்சிருப்பாளுங்களே!" என்று கூனிக் குறுகிப்போனாள். குழுவைத் திறக்கவே பயம். கீழ்க்கட்டளைப் பக்கம் தலைகாட்டாமல் மேடவாக்கத்தில் போய்க் கூவினாள். அங்கே யாரும் அவளைச் சீண்டவில்லை. பத்து வருஷத்து வாடிக்கை போயிற்றே என்று புலம்பினாள்.

கடைசியில் தாம்பரத்தில் போன் பழுது பார்க்கும் ரேஷ்மாவிடம் வந்தாள்.

"இன்னாம்மா இது, அமுக்க அமுக்க பெருசாவுது?"

"அமுக்கறதாலதான்க்கா. ஒவ்வொரு வரிசைக்கும் முடி மாதிரி ஒரு கம்பி, திரை ஓரத்துல ஒட்டியிருக்கும். அது விட்டுப்போனா அந்த வரிசை பச்சையாவோ ரோஸாவோ எரிஞ்சிக்கிட்டே இருக்கும். அமுக்கினா ஒரு நிமிஷம் ஒட்டும், ஆனா பக்கத்துக் கம்பியும் விட்டுடும். எங்க வெச்சிக்கிறீங்க போன?"

கன்னியம்மா இடுப்பைக் காட்டினாள். ரேஷ்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மெஷின்ல திரும்ப ஒட்டலாம், ஆனா நிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். டிஸ்ப்ளே முழுசா மாத்தறதுதான் நிச்சயம். காப்பி டிஸ்ப்ளே சல்லிசு, கலர் சரியா வராது. முதல்ல கம்பெனி சர்வீஸ்ல கேளுங்க, சில மாடலுக்கு சும்மாவே மாத்தித் தர்றாங்க."

"படத்துல மீன் செவுளு செவப்பா கீதான்னு எனக்கே தெரியணுமே. ஒரிஜினலே போடு."

"முதல்ல உள்ள இருக்கறத காப்பாத்திக்கலாம். திரை மொத்தமா போச்சுன்னா கஷ்டம்."

ரேஷ்மா வாட்ஸ்அப்பைக் கடைக் கம்ப்யூட்டரில் இணைத்தாள். பெரிய திரையில் அந்த வஞ்சிரம் வந்தது. வெள்ளி மாதிரி பளபளவென்று, ஒரு கோடுகூட இல்லாமல்.

"கோடு எங்கம்மா?"

"கோடு உங்க திரையிலதான்க்கா. படத்துல எப்பவுமே இல்ல."

படத்துக்குக் கீழே வரிசையாகச் செய்திகள். ரேஷ்மா படித்தாள். "அக்கா, ஏன் வரல?" "உடம்பு நல்லாத்தானே இருக்கு?" "நீங்க வர்ற வரைக்கும் எங்க வீட்டுல முட்டைதான்."

கன்னியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பாவி, இவர்களைப் பற்றி என்னென்ன நினைத்துவிட்டேன் என்று இருந்தது. பிறகு குழுவில் போட தன் குரலைப் பதியச் சொன்னாள். தெருவில் கூவும் அதே குரல், கடையே அதிர்ந்தது.

"ஏய் பொண்ணுங்களா, நாளைக்கி வரேன்! சட்டிய கழுவி வைங்க!"