பச்சை அம்புக்குறி

சிங்கப்பூர் தேக்காவில் இருந்த என் தையல் கடையைத் தீவின் மறுகோடியில் உள்ள சுவா சூ காங்குக்கு மாற்றியபோது தீபாவளிக்கு ஆறு வாரம்தான் இருந்தது. வாடிக்கையாளர் யாருடைய நம்பரும் என்னிடம் இல்லை. அளவு நோட்டில்கூடப் பெயர் இல்லை: ‘பச்சை வளையல்’, ‘நீளக் கை’, இப்படி ஆளுக்கொரு அடையாளம்தான். புதுக் கடை எங்கே என்று அவர்களுக்குத் தெரியாமல் போனால் தீபாவளி ரவிக்கை ஒன்றும் வராது.

பழைய கடைக்குப் புது ஆள் வரும்வரை கதவில் ஒரு தாள் ஒட்டிக்கொள்ள அந்த இடத்தின் முதலாளி அனுமதித்தார். செகண்டரி டூவோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவள் நான். முகவரியை மட்டும் எழுதி ஒட்டினால் அவர்கள் நம்பர் எனக்குக் கிடைக்காது என்று, திறந்தால் எனக்கான செய்தி எழுதியே வரும் ஒரு வாட்ஸ்அப் லிங்க்கை மூன்று நாள் உட்கார்ந்து செய்தேன். wa.me, ஒரு சாய்கோடு, பிளஸ் குறியில்லாமல் 65, பிறகு என் நம்பர், கடைசியில் ?text=. அதன்பின், ‘அக்கா, புதுக் கடைக்கு எப்படி வரணும்?’ லிங்க்கில் அந்தத் தமிழ் வரி சதவீதக் குறிகளாகவும் எண்களாகவும் மாறி நீண்டது. அதைக் கியூஆர் குறியீடாக்கிப் பெரிதாக அச்சடித்து ஒட்டினேன். என் கணவர் போனில் எத்தனையோ முறை சோதித்தேன்.

“விடு லா, ஸ்கேன் பண்ணிப் பண்ணியே தாள் தேஞ்சிடும்,” என்றார் அவர்.

நான்கு நாளாக ஒரு செய்தியும் இல்லை. என்னை மறந்துவிட்டார்கள் என்றே முடிவு செய்தேன். ஐந்தாம் நாள் மனம் கேட்காமல் தேக்காவுக்குப் போனேன். கதவின் முன்னால் நீளக் கை அக்கா! ஸ்கேன் செய்து, திரையைப் பார்த்து, போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பினார்.

“வாம்மா! ரெண்டாவது தடவை மெசேஜ் போடுறேன். பதிலே காணோம். பெரிய ஆளாயிட்டியா?”

போனை வாங்கிப் பார்த்தேன். என் வரி எழுதும் கட்டத்தில் அப்படியே நின்றது, அனுப்பப்படாமல்.

“அக்கா, இந்தப் பச்சை அம்பை அழுத்தணும்.”

“எழுதியே வந்துச்சே. போயிருச்சுன்னு நெனச்சேன்.”

சோதித்தபோதெல்லாம் அம்பை அழுத்தியது நான்தான். முழு வாக்கியம் தயாராக வந்தால் வேலை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அச்சடித்த கியூஆருக்குள் வரியை மாற்ற முடியாது. அன்று மாலையே வேறொன்று செய்தேன். இந்த முறை வரியை வேண்டுமென்றே பாதியில் விட்டேன்: ‘அக்கா, புதுக் கடைக்கு எப்படி வரணும்? என் பேரு:’. கியூஆருக்குக் கீழே மார்க்கரால் எழுதினேன்: ‘பேரை எழுதி, பச்சை அம்பை அழுத்துங்க.’

மறுநாள் காலை பத்து மணிக்குள் மூன்று செய்திகள். மூன்றாவதில் இருந்த பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. தயங்கித் தயங்கிக் கேட்டேன், “எந்த அக்கா?”

பதிலுக்கு ஒரு படம் வந்தது. மேசைமேல் ஒரு கை, அதில் பச்சை வளையல்கள்.

வழியை அனுப்பிவிட்டு, நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் பெயரை எழுதினேன்.