ஓவர்டைம் சம்பளத்தில் சேராது

என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ராயபுரம் கோயிலில் அவளைக் கையில் ஏந்தி நின்றவன் அவன்தான். அவளுடைய ஞானத்தகப்பன். அதற்கு முன்பே எண்ணூர் ஆலையில் எனக்குக் கீழே நாலு வருடம் வேலை பார்த்தவன். வெல்டிங்குக்குள் விரிசல் ஒளிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே பிலிமைப் பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. பிறகு சிங்கப்பூர் கப்பல் பட்டறை ஒன்றுக்குப் போய், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வாங்கி, குடும்பத்தையும் அழைத்துக்கொண்டான். பொறாமைப்பட்டேனா என்றால், கொஞ்சம் பட்டேன்.

அங்கே எஸ் பாஸ் என்று புதிதாக ஒன்று கொண்டுவந்திருந்த காலம் அது. மேலே எம்ப்ளாய்மென்ட் பாஸ், கீழே கூலியாட்களின் ஒர்க் பெர்மிட், நடுவில் இது. டிப்ளமா, அனுபவம், சம்பளம் மூன்றையும் பார்த்துக் கொடுப்பார்கள். எந்தப் பாஸ் கிடைத்தாலும் எனக்குச் சம்மதம்தான். மனைவியும் குழந்தையும் கூட வர வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன். அதற்கு மாதச் சம்பளம் இரண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், இருக்க வேண்டும்.

லீவில் வந்திருந்தவன் எங்கள் வீட்டில் மீன் குழம்பை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"இன்னா மாமு, இதுக்குப் போயி பேஜாராவுற? உனக்கு ரெண்டாயிரத்து அறநூறு வருது. நான் பேசிக்கினு கீறேன். அண்ணி, நீங்க பொட்டியக் கட்டுங்க."

நான் அதைத் துருவிக் கேட்கவில்லை. எங்கள் பகுதியில் சம்பளம் என்றால் கைக்கு வருவதுதான். பேசிக், பஞ்சப்படி, ஓவர்டைம் எல்லாம் ஒரே கவரில் வரும். பெண் பார்க்கப் போனால்கூட அந்த மொத்தத்தைத்தான் சொல்வோம். நானும் அப்படிச் சொல்லித்தான் கல்யாணம் செய்துகொண்டேன். அவன் பேச்சை நம்பி நான் ஆலையில் ராஜினாமா கொடுத்தேன். மனைவி திருவொற்றியூர் பள்ளியில் நிரந்தரமாகியிருந்த டீச்சர் வேலையை விட்டுவிட்டாள்.

தண்டையார்பேட்டையில் இருந்த ஏஜென்ட் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். ஏஜென்ட் சிரித்த முகமாக இருந்தார்.

"பாஸ் ஓகே ஆயிடிச்சு சார். எஸ் பாஸ். அடுத்த வாரமே கெளம்பலாம்."

"பேமிலிக்கு எப்போ போடலாம்?"

"பேமிலியா?" அவருடைய சிரிப்பு நின்றது. "உங்க பேசிக் ஆயிரத்துத் தொள்ளாயிரம் சார். பேமிலிக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு நிரந்தரச் சம்பளமா இருக்கணும். மிச்சம் எழுநூறு ஓவர்டைம். ஓ.டி. அதுல சேராது. வேலை இருந்தா வரும், இல்லாட்டி வராது, அத எப்படி சார் கணக்குல எடுப்பாங்க?"

"என் தோஸ்துக்கு இது தெரியாதா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "தெரியாம இன்னா சார்? அவரு பேமிலியே அந்த ரூல்லதான போச்சு. உங்க அனுபவத்துக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு போடலாமான்னு கம்பெனிலயே கேட்டாங்க. அவருதான் வாணாம்னாரு. ஓ.டி.யச் சேத்துச் சொன்னாப் போதும், நீங்க ஒத்துக்குவீங்கன்னாரு."

பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்து சிங்கப்பூருக்குப் போன் போட்டு அவனைக் கூப்பிட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டேன். அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இன்றும் தோன்றுகிறது.

"நீ என்னோட சீனியரு மாமு. எனக்குச் சமமா வந்தேன்னா நாளைக்கு கம்பெனிக்காரன் என் சீட்ட உனுக்குக் குடுத்துருவான். எனக்கும் வூடு, பொண்டாட்டி கீதில்ல? ரெண்டு வருசம் ஓட்டு, அப்பால ஏத்திக்கலாம்."

நான் கெட்ட வார்த்தையில் திட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கலீஜாக யாரையும் திட்டியதில்லை. பூத்துக்காரர் கண்ணாடியைத் தட்டினார்.

வீட்டில் சொன்னபோது மனைவி அழவில்லை. "ஸ்கூல்ல வேற ஆளப் போட்டுட்டாங்களே" என்றாள். ஆலையில் போய்க் கேட்டேன். என் இடத்திலும் ஆள் வந்தாயிற்று. வேறு வழி இல்லாமல் அவன் வாங்கிக் கொடுத்த அதே பாஸில், அவனுக்குக் கீழேயே வேலை பார்க்க விமானம் ஏறினேன். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டா என்று தெரியவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்படி அவன் மனைவி ஆள்விட்டுச் சொல்லியிருந்தாள். பாவம், அவளுக்கு எதுவும் தெரியாது. போகாமல் இருக்க முடியவில்லை. அவர்கள் பையன் புதுப் பள்ளி யூனிபார்மைப் போட்டுக் காட்டி எனக்கு வணக்கம் வைத்தான்.

பரிமாறிக்கொண்டே அவள் கேட்டாள். "அண்ணியையும் பாப்பாவையும் கூட்டினு வந்துருக்கலாம்லண்ணா? எங்கள மாதிரி ஒண்ணா இருந்துருக்கலாம். நீங்க ஏன் கேக்காம வுட்டீங்க?"

நான் எதிரில் இருந்தவனைப் பார்த்தேன். அவன் சொல்வான் என்று ஒரு நிமிடம் உண்மையாகவே காத்திருந்தேன்.

"அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றான் அவன்.